பத்து நிமிட பிபிடிக்கு எட்டு அட்டை: லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் பேப்பரில் ஸ்டோரிபோர்டு போடும் முறை

கடலூர் மாவட்டத்தில் ஒரு மகளிர் குழுவோ சிறு உற்பத்தியாளர்களோ வங்கியில் பிபிடி காட்ட வேண்டிய நாள் வந்தால், வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். யாரோ ஒருவர் பென்டிரைவில் வேறு குழுவின் பழைய கோப்பைக் கொண்டுவருவார். பெயரை மாற்றி, படத்தை மாற்றி, கலரை மாற்றி உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு இருபத்திரண்டு ஸ்லைடு தயாராகிவிடும். எதற்குப் பின் எது வர வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பழைய கோப்பே முடிவு செய்திருக்கும். அதைப் பற்றி ஒருவரும் ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள்.

ஸ்லைடுகளின் வரிசையை மென்பொருளுக்குள் போய் யோசிப்பது கடினம். திரையில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்லைடுதான் பெரிதாகத் தெரியும், கையும் தானாக எழுத்தின் அளவைச் சரிசெய்யப் போய்விடும். அரை மணி நேரம் செலவழித்து அழகாக்கிய ஸ்லைடைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. பேப்பரில் நாற்பது வினாடியில் கிறுக்கியதைக் கிழித்துப் போட ஒரு தயக்கமும் இருக்காது. ஸ்டோரிபோர்டைக் கையால் போடச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த முக்கியக் காரணம் இதுதான்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பண்ருட்டிப் பக்கத்தில் பத்துப் பெண்கள் கொண்ட ஒரு குழு. பலாச்சுளையை உலர்த்திப் பாக்கெட் போட்டு விற்க ஒரு யூனிட் தொடங்க நினைக்கிறார்கள். மொத்தச் செலவு 12 லட்சம். சிறு உணவு பதப்படுத்தும் யூனிட்டுகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம் மானியம், அதாவது 4.2 லட்சம். சொந்தப் பங்கு குறைந்தது 10 சதவீதம், அதாவது 1.2 லட்சம். வங்கியிடம் கேட்பது 10.8 லட்சம். மானியம் கையில் வராது, கடன் கணக்கோடு சேர்த்து வைக்கப்பட்டுப் பின்னால்தான் கழியும். வங்கி மேலாளர் முன்னால் பேசக் கிடைத்திருப்பது பத்து நிமிடம். குழுவின் வரவு செலவு எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக வைத்தவை. கணக்குப் போடும் முறை மட்டும் அப்படியே உங்களுக்கும் பொருந்தும்.

தேவையான சாமான்கள்

ஏ4 வெள்ளைத்தாள் ஐந்தாறு, தடித்த மார்க்கர் ஒன்று, பென்சில் ஒன்று, கத்தரிக்கோல். திருப்பாதிரிப்புலியூரில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும்.

ஒரு ஏ4 தாளை மூன்று தடவை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். ஒவ்வொன்றும் 10.5 சென்டிமீட்டர் அகலம், 7.4 உயரம். மடிப்பின் மேல் வெட்டினால் எட்டு அட்டை. ஒவ்வொரு அட்டையின் மேற்பகுதியிலும் 8 சென்டிமீட்டர் அகலம், 4.5 உயரத்தில் ஒரு பெட்டி வரையுங்கள். இப்போதைய ஸ்லைடுகளின் 16:9 அளவு இதுதான். பழைய புரொஜெக்டர் உள்ள ஆபீஸ் என்றால் 6 அகலம், 4.5 உயரம் என்று போடுங்கள், அது 4:3. பெட்டிக்குக் கீழே சுமார் இரண்டு சென்டிமீட்டர் மிஞ்சும். திரையில் வராமல் வாயால் மட்டும் சொல்ல வேண்டியதை அங்கே பென்சிலால் எழுதலாம்.

பெட்டிக்குள் மார்க்கர் மட்டும்தான். மெல்லிய பேனாவைக் கையில் எடுத்தால் பெட்டிக்குள் ஒரு பத்தியையே எழுதிவிடுவோம். மார்க்கரால் எழுதினால் ஆறேழு வார்த்தையிலேயே இடம் தீர்ந்துவிடும். தமிழில் தலைப்பு எழுதுகிறவர்களுக்கு இது கூடுதலாக உதவும். நம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளமாகிவிடும். அட்டையில் மார்க்கரால் எழுதி இரண்டு வரியில் அடங்காத தலைப்பு, திரையிலும் பெரும்பாலும் அடங்காது.

வெட்டாமல் தாளிலேயே எட்டுக் கட்டமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவில் ஸ்டோரிபோர்டு பழக்கம் பிடித்தபோது, ஒவ்வொரு காட்சியையும் தனித்தனித் தாளில் வரைந்து பலகையில் குத்திவைத்தார்கள். ஒன்றைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்தலாம் என்பதுதான் அதன் பயனே. கட்டம் கட்டமாக ஒரே தாளில் போட்டுவிட்டால் வரிசை உறைந்துவிடும். ஒட்டும் நோட்டுத்தாள் வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேனைப் போடாமல் இருக்க முடியாது, ஃபேனைப் போட்டால் சுவரில் ஒட்டியது பாதி நேரம் கீழே கிடக்கும். தரையில் அட்டையைப் பரப்பி, ஃபேனை ஒன்றில் வைத்துக்கொள்வது மேல்.

முதல் படி: எதிரில் இருப்பவர் கடைசியில் என்ன சொல்ல வேண்டும்?

வரைவதற்கு முன் ஒரு தனி அட்டையில் இரண்டு வரி எழுத வேண்டும். யார் கேட்கப் போகிறார், பத்து நிமிடம் முடிந்ததும் அவர் வாயிலிருந்து என்ன வர வேண்டும்.

குழுவினர் முதலில் எழுதுவது “கடன் கிடைக்க வேண்டும்” என்றுதான் இருக்கும். அது அந்த அறையில் நடக்காது. கிளை மேலாளர் பிபிடி பார்த்த கையோடு 10.8 லட்சத்துக்கு ஒப்புதல் கொடுப்பதில்லை. அவரால் அங்கேயே சொல்லக்கூடியது, “சரிம்மா, அடுத்த வாரம் ஃபீல்டு ஆபீசரோட வந்து இடத்தைப் பார்க்கிறேன், கொட்டேஷனை ரெடியா வைங்க” என்பது. அந்த வாக்கியத்தை அப்படியே பேச்சு நடையில் அட்டையில் எழுதுங்கள். இதற்குத் தேவைப்படாத அட்டை எதுவும் கடைசி வரிசையில் இருக்கக் கூடாது. பலா முக்கனிகளில் ஒன்று என்பது உண்மைதான், ஆனால் மேலாளர் இடத்தைப் பார்க்க வருவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாம் படி: அவருடைய சந்தேகங்களை எழுதுவது

அடுத்ததாக உங்களிடம் இருக்கும் தகவல்களைப் பட்டியல் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் எதிரில் இருப்பவரின் கேள்விகளை எழுதுங்கள், ஒரு துண்டுத் தாளில் ஒரு கேள்வி. அவர் மனதில் எந்த வரிசையில் எழும் என்று யோசித்து அந்த வரிசையிலேயே அடுக்குங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் யாராவது தெருவில் இருப்பார். அவரிடம் இந்தத் திட்டத்தை இரண்டு வரியில் சொல்லி, “அண்ணா, நீங்க சேர்ல இருந்தா முதல்ல என்ன கேப்பீங்க?” என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பலா யூனிட்டுக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். எவ்வளவு கேட்கிறீர்கள்? பழைய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா? பலா நாலு மாதம்தானே, மற்ற மாதங்களில் எதை வைத்துத் தவணை கட்டுவீர்கள்? சரக்கை வாங்குவது யார்? 12 லட்சம் எதற்கெல்லாம் போகிறது?

இந்த ஐந்தும்தான் உங்கள் ஸ்லைடுகளின் முதுகெலும்பு. குழுவினர் வழக்கமாகப் போடும் வரிசையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அறிமுகம், பலாவின் சிறப்பு, எங்கள் குழு, இயந்திரங்கள், செலவு, சந்தை, சீசன், நன்றி. மேலாளருக்கு மூன்றாவதாக எழும் சந்தேகத்துக்குப் பதில் இதில் ஏழாவதாக வருகிறது. நடுவில் இருக்கும் நாலு ஸ்லைடு நேரமும் அவர் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், சீசனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார். இல்லாவிட்டால் நடுவில் குறுக்கிட்டுக் கேட்டுவிடுவார். பேசுகிறவர் அப்போது “அது பின்னாடி வருது சார்” என்பார். அந்த வார்த்தை ஒத்திகையில் உங்கள் வாயிலிருந்து வந்தால், வரிசை தப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: படம் வேண்டாம், தலைப்பு மட்டும்

இப்போது எட்டு அட்டையையும் எடுத்து, பெட்டியின் மேல்விளிம்பில் தலைப்பை மட்டும் எழுதுங்கள். தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும், வினைச்சொல்லோடு. “சந்தை” என்பது தலைப்பல்ல. அந்தச் சொல்லை மீன்வலைக் குழுவும் போடலாம், முந்திரிக் குழுவும் போடலாம். இன்னொரு குழுவின் பிபிடியில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் வைக்க முடிகிற தலைப்பு, உங்கள் அட்டையில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பலா யூனிட்டுக்கு இப்படி எழுதலாம்:

1. பலா உலர்த்தும் யூனிட்டுக்கு 10.8 லட்சம் கடன் கேட்டு வந்திருக்கிறோம்
2. முன்பு வாங்கிய கடன்களைத் தவணை தவறாமல் கட்டினோம்
3. பழம் நாலு மாதம்தான் மலிவாகக் கிடைக்கும்
4. சுளையை உலர்த்தி ஆண்டு முழுவதும் விற்போம்
5. வாங்க மூன்று கடைகள் எழுதிக் கொடுத்திருக்கின்றன
6. எல்லா மாதமும் தவணை கட்ட முடியும்
7. 12 லட்சத்தில் பெரும்பங்கு டிரையருக்கே போகிறது
8. அடுத்த வாரம் இடத்தை வந்து பாருங்கள்

எழுதிய பிறகு தலைப்புகளை மட்டும் வரிசையாக உரக்கப் படியுங்கள். இரண்டு அட்டைக்கு நடுவில் வாயில் தானாக எந்த இணைப்புச் சொல் வருகிறது என்று கவனியுங்கள். “நாலு மாதம்தான் மலிவாகக் கிடைக்கும், *அதனால்* உலர்த்தி ஆண்டு முழுவதும் விற்போம்” என்று வந்தால் கண்ணி பிடித்திருக்கிறது. “ஆனால்”, “அப்படியென்றால்” என்று வந்தாலும் சரிதான். “அப்புறம்” என்றோ “மேலும்” என்றோ மட்டும் வந்தால், அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவே. இடம் மாற்றிப் பாருங்கள், அல்லது ஒன்றை எடுத்துவிடுங்கள். வரிசை முழுக்க ஒரு “அப்புறம்”கூட இருக்கக் கூடாது என்று பிடிவாதம் வேண்டாம். ஆறாம் அட்டைக்கும் ஏழாம் அட்டைக்கும் நடுவில் ஒன்று வரத்தான் செய்யும், அதனால் ஒன்றும் குடிமுழுகாது. மூன்று நாலு தொடர்ந்து வந்தால்தான் பேச்சு நகரவில்லை என்று அர்த்தம்.

இந்தப் படிக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். வரைகிற வேலை இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

நான்காம் படி: பெட்டிக்குள் வரைவது

ஓவியம் தெரிய வேண்டியதில்லை. போட்டோ வரும் இடத்தில் ஒரு செவ்வகம், அதன் குறுக்கே பெருக்கல் குறி. எழுத்து வரும் இடத்தில் கிடைக்கோடு. ஆளுக்கு ஒரு வட்டமும் குச்சியும். பட்டை வரைபடத்துக்கு நாலு பட்டை. இவ்வளவுதான் மொத்த மொழியும். ஒரு பெட்டிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால் நீங்கள் அலங்காரம் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஒரு பெட்டிக்குள் ஒரே ஒரு விஷயம்தான் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டாம் அட்டையில் பாஸ்புக் பக்கத்தின் போட்டோ. ஐந்தாம் அட்டையில் கடைக்காரர்களின் கடிதங்கள். தலைப்பு சொல்வதைப் படம் நிரூபிக்க வேண்டும். தலைப்புக்கு நேராக என்ன வரைவது என்றே தோன்றவில்லை என்றால், அந்தத் தலைப்புக்கு உங்களிடம் ஆதாரம் இல்லை என்று பொருள். கடைக்காரர்கள் வாயால் சொன்னார்களே தவிர எழுதிக் கொடுக்கவில்லை என்பது பல சமயம் இந்த இடத்தில்தான் வெளியே வரும். அப்போது லேப்டாப்பைத் தேடுவதை விட்டு, பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போய்க் கடிதம் வாங்கி வருவதுதான் அடுத்த வேலை.

வரைபடம் வரும் அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறாம் அட்டையை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: “எல்லா மாதமும் தவணை கட்ட முடியும்.”

கீழே ஒரு கிடைக்கோடு போட்டு, ஏப்ரலில் தொடங்கி மார்ச் வரை பன்னிரண்டு புள்ளிகள். 10.8 லட்சம், ஐந்து ஆண்டு, 11 சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 23,500 ரூபாய். அந்த உயரத்தில் குறுக்காக ஒரு புள்ளிக்கோடு. அப்புறம் ஒவ்வொரு மாதமும் செலவு போகக் கையில் மிஞ்சும் பணத்துக்கு ஒரு பட்டை. ஏப்ரல் முதல் ஜூலை வரை மாதம் 48,000, பட்டைகள் புள்ளிக்கோட்டைத் தாண்டி நிற்கின்றன. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை 30,000, அப்போதும் கோட்டுக்கு மேல்தான். டிசம்பரில் 22,000, ஜனவரியில் 15,000, பிப்ரவரியில் 10,000, மார்ச்சில் 12,000. நாலு பட்டையும் கோட்டுக்குக் கீழே.

குழுவின் நோட்டில் இந்த எண்கள் எல்லாம் முன்பே இருந்தவைதான். ஆண்டு மொத்தம் 3,71,000 வரவு, 2,82,000 தவணை. போதுமே என்று தோன்றும், திட்ட அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். பட்டையாக வரைந்தபோதுதான் நாலு மாதப் பள்ளம் கண்ணில் படுகிறது. தலைப்பு “எல்லா மாதமும்” என்கிறது, படம் இல்லை என்கிறது. இதைத் திரையில் கண்டுபிடிக்கிறவர் மேலாளராக இருந்தால் அன்றைய பேச்சு அதோடு சரி.

பள்ளம் எவ்வளவு என்று பாருங்கள். நாலு மாதத் தவணை 94,000, நாலு மாத வரவு 59,000. குறைவது 35,000. சீசன் மாதங்களில் தவணை போக மாதம் 24,500 மிஞ்சுகிறது, நாலு மாதத்துக்கு 98,000. அதிலிருந்து 40,000 ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தால் போதும். எனவே தலைப்பை மாற்றுகிறோம்: “சீசனில் 40,000 ஒதுக்கிவிடுவோம், மார்ச் வரை தவணை தவறாது.” படத்தில் சீசன் பட்டைகளின் உச்சியிலிருந்து பள்ளத்துக்கு ஒரு வளைந்த அம்பு. அந்த அட்டை இப்போது மேலாளரின் பெரிய சந்தேகத்துக்கு நேராகப் பதில் சொல்கிறது, அவர் கேட்பதற்கு முன்பே.

கையால் வரையும்போது சரியான அளவு தேவையில்லை. பட்டை கோட்டுக்கு மேலா கீழா என்பது மட்டும் சரியாக இருந்தால் போதும். ஆனால் எண் தெரியாமல் ஊகித்து வரையாதீர்கள். ஊகம் என்றால் அந்தப் பட்டையின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள். கேள்விக்குறி உள்ள அட்டை எதுவும் கம்ப்யூட்டருக்குப் போகக் கூடாது.

எந்த வகை வரைபடம் என்பதையும் தலைப்பே சொல்லிவிடும். மாதத்துக்கு மாதம் மாறுவது என்றால் பட்டையோ கோடோ கிடைவாக்கில் நகர வேண்டும். எது பெரியது எது சிறியது என்றால் பக்கத்துப் பக்கத்தில் பட்டை. ஏழாம் அட்டையில் செலவுகளுக்கு ஆறேழு துண்டு உள்ள வட்டப்படம் போட ஆசைப்படுவார்கள். கையால் ஒருமுறை வரைந்து பாருங்கள், சின்னத் துண்டுக்குப் பெயர் எழுதவே இடம் இருக்காது. டிரையர், பாக்கிங் மெஷின், ஷெட் வேலை, மற்றவை என்று நாலு பட்டை போதும்.

ஐந்தாம் படி: தரையில் பரப்பி நகர்த்துவது

எட்டு அட்டையையும் ஒரே வரிசையில் வையுங்கள். எழுந்து நின்று பாருங்கள். நிற்கிற தூரத்திலிருந்து தலைப்பைப் படிக்க முடிய வேண்டும், படம் என்ன வகை என்று தெரிய வேண்டும். தொடர்ந்து மூன்று அட்டை வெறும் எழுத்துக் கோடுகளாகவே இருந்தால், கேட்பவர் அங்கே களைத்துப் போவார். ஒன்றை போட்டோவாக மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

அப்புறம் இடம் மாற்றுங்கள். நம் உதாரணத்தில் ஐந்தாம் அட்டையும் ஆறாம் அட்டையும் இடம் மாறலாமா? சீசன் கேள்விக்கு உடனே தவணைப் படத்தைக் காட்டினால் என்ன? மாற்றி வைத்துப் படித்தால் தெரியும், “ஆண்டு முழுவதும் விற்போம்” என்றவுடன் “யாரிடம்?” என்ற கேள்விதான் எழுகிறது. வாங்குகிறவர் யாரென்று சொல்லாமல் வரவுக் கணக்கைக் காட்டினால் அந்த 48,000 எங்கிருந்து வந்தது என்று கேட்பார். எனவே பழைய வரிசையே சரி. ஸ்லைடுகளை வைத்து இந்த வாதத்தைச் செய்தால் அரை மணி ஆகும், அட்டையில் இரண்டு நிமிடம்.

பலாவின் சத்துகள், குழு உறுப்பினர்களின் பட்டியல், டிரையரின் கொட்டேஷன் இவற்றுக்கும் அட்டை போட்டிருப்பீர்கள். தூக்கி எறிய வேண்டாம். வரிசைக்குக் கீழே தனியாக வையுங்கள். பேச்சு முடிந்த பிறகு கேட்டால் மட்டும் காட்டுகிற ஸ்லைடுகள் அவை. கோப்பின் கடைசியில் போய்ச் சேரும்.

இப்போது ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் வினாடி எழுதுங்கள். நம் எட்டுக்கும் 30, 60, 45, 60, 75, 120, 60, 30 என்று போட்டால் மொத்தம் 480 வினாடி, எட்டு நிமிடம். பத்து நிமிடம் கொடுத்தால் எட்டுக்குத்தான் திட்டம் போட வேண்டும். மீதி இரண்டு நிமிடம் குறுக்குக் கேள்விக்கும், நடுவில் வரும் போன் காலுக்கும் போய்விடும். தவணை அட்டைக்கு இரண்டு நிமிடம் என்பதைக் கவனியுங்கள். எல்லா அட்டைக்கும் ஒரே நேரம் வந்தால் நீங்கள் யோசித்து எழுதவில்லை, வகுத்து எழுதியிருக்கிறீர்கள்.

ஆறாம் படி: அட்டையை வைத்தே ஒத்திகை

குழுத் தலைவி அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். திட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் மேலாளராக எதிரில் உட்கார வேண்டும். குழுவில் இருப்பவர் உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், பயனில்லை. உறுப்பினர் ஒருவரின் கல்லூரி படிக்கும் மகன் உட்கார்ந்தால் ஒத்திகை இப்படித்தான் போகும்:

“அக்கா, மூணு கடை எழுதிக் கொடுத்திருக்குன்னு சொல்றீங்க. மாசம் எத்தனை கிலோ எடுத்துப்பாங்க?”

“அது லெட்டர்ல இருக்கு தம்பி.”

“லெட்டரைத்தான் படமா போட்டிருக்கீங்க, கடைசி வரிசைல உக்காந்து யாரு படிக்கிறது?”

தலைவி மார்க்கரை வாங்கிக் கடிதப் படத்தின் பக்கத்தில் மூன்று கடைக்கும் மாதக் கிலோவைப் பெரிதாக எழுதினால், அட்டை சரியாகிவிடும். கேள்வி எழும் ஒவ்வொரு இடத்திலும் அந்த அட்டையின் கீழ்ப்பகுதியில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு மூன்று பேரிடம் பேசிக்காட்டிய பிறகு ஒரே அட்டையில் புள்ளிகள் குவிந்திருந்தால், அதற்கு முன் ஒரு அட்டை குறைகிறது அல்லது அதிலேயே இரண்டு விஷயம் அடைபட்டிருக்கிறது. அதை இரண்டாக வெட்டி எழுதுங்கள்.

ஒத்திகையில் பேசுகிறவர் அடுத்த அட்டையை எட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குகிறார் என்றால், அந்த இரண்டு அட்டைக்கும் நடுவில் கண்ணி இல்லை. வரிசை சரியாக இருந்தால் அடுத்தது என்ன என்று வாய்க்கே தெரிந்துவிடும்.

ஏழாம் படி: இப்போது லேப்டாப்

முதலில் அட்டைகளை வரிசையாக வைத்து மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணும் போடுங்கள். பவர்பாயின்ட்டில் ஒரு காலிக் கோப்பைத் திறந்து `View` தாவலில் `Outline View` போங்கள். லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் என்றால் `View` மெனுவில் `Outline`. அங்கே எட்டுத் தலைப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றின் முடிவிலும் `Enter` அழுத்தினால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்லைடாகிவிடும். `Tab` அழுத்தினால் தலைப்பு உள்வரியாக மாறிவிடும் என்பதால் இந்தக் கட்டத்தில் அதைத் தொட வேண்டாம். பெட்டிக்குக் கீழே பென்சிலால் எழுதியது ஒவ்வொரு ஸ்லைடின் `Notes` பகுதிக்குப் போக வேண்டும். ஸ்லைடுக்குள் அதைக் கொண்டுவந்தால் இவ்வளவு நேரம் செய்தது வீண்.

அதற்குப் பிறகுதான் படமும் வரைபடமும். அட்டையில் இல்லாத எதையும் இப்போது சேர்க்காதீர்கள். புதிதாக ஏதாவது தோன்றினால் எழுந்து போய் ஒரு அட்டை எழுதி, தரை வரிசையில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேர்க்கலாம். பெரும்பாலும் இருக்காது.

இந்த முறை எங்கே சரிப்படாது

எதிரில் நின்று பேசும் பிபிடிக்குத்தான் இவ்வளவும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அவர் தனியாகப் படித்துக்கொள்ளட்டும் என்றால் கணக்கே வேறு. அங்கே நீங்கள் வாயால் சொல்வதையும் ஸ்லைடிலேயே எழுத வேண்டியிருக்கும், தடித்த மார்க்கர் உதவாது. தலைப்பு வரிசைப் படி வரைக்கும் மட்டும் அட்டையில் செய்துவிட்டு, மீதியைக் கட்டுரை போல எழுதிக்கொள்வது நல்லது.

ஆபீஸே ஸ்லைடு அமைப்பைக் கொடுத்து, இந்தப் பத்துத் தலைப்பில்தான் நிரப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டால் வரிசை உங்கள் கையில் இல்லை. அப்போதும் ஒவ்வொரு தலைப்பையும் முழு வாக்கியமாக மாற்றலாம். “திட்டச் செலவு” என்று அவர்கள் கொடுத்த தலைப்பின் கீழ் முதல் வரியாக “12 லட்சத்தில் பெரும்பங்கு டிரையருக்கே போகிறது” என்று எழுதினால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை.

கணக்கே இன்னும் முடியவில்லை என்றால் அட்டையில் உட்கார வேண்டாம். பேப்பர் பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் வரவு செலவை அதில் வைத்துப் போட முடியாது. மாதவாரியாக எக்செல்லிலோ ஒரு கணக்கு நோட்டிலோ முதலில் எழுதி முடித்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாறு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு மார்க்கர் கொடுக்காதீர்கள். எழுதுவது ஒருவர் மட்டும், மற்றவர்கள் சொல்லட்டும், அட்டையை நகர்த்தட்டும். எல்லாரும் எழுதினால் அரை மணி நேரத்தில் முப்பது அட்டை சேர்ந்துவிடும், எதை எடுப்பது என்று சொல்ல ஆள் இருக்காது.